ஊட்டியில் இரண்டு நாள் காபி

புதன், கோவை

கருத்தரங்கு வெள்ளியும் சனியும் ஊட்டியில். பேராசிரியர் போனில் கணக்கையும் அவரே போட்டுவிட்டார்: "220 பேருங்க, மூணு வேளை, ஒரு நாளைக்கு 660 கப். சரிதானுங்களே?" கூட்டுத்தொகை ஏறக்குறைய சரி. ஆனால் வேளைக்கு 220 என்று சமமாகப் பிரித்து ஊற்றினால் காலையில் மிஞ்சும், பதினொரு மணிக்குப் பற்றாமல் போகும்.

நான் தலையை எண்ணுவதில்லை, இடைவேளையை எண்ணுவேன். காலை 8.45, பதிவு நேரம். பாதிப் பேர் விடுதியிலேயே டிபனும் காபியும் முடித்துக்கொண்டு வருவார்கள், மீதிப் பேர் தாமதமாக வந்து நேரே அரங்குக்குள் நுழைவார்கள். 150 கப் போதும். பதினொரு மணிக்குத்தான் ஒருவர் விடாமல் வருவார்கள். அதோடு யாரும் பட்டியலில் எழுதாத கூட்டம் ஒன்று உண்டு: மாணவத் தொண்டர்கள், மைக் செட்காரர், போட்டோகிராபர், வேன் டிரைவர்கள். அவர்கள் 25 பேர். ஆக 245. கோவையில் பத்தில் ஒருவர்தான் இரண்டாவது கப் கேட்பார். டிசம்பர் ஊட்டியில் நாலில் ஒருவர் கேட்பார். 305 என்று எழுதிக்கொண்டேன். சாயங்காலம் 3.45க்கு, சாப்பாட்டுக்குப் பிறகு பூங்காவுக்கும் ஏரிக்கும் நழுவியவர்கள் போக, 230.

காலையில் காபிக்குத்தான் கிராக்கி, பத்துக்கு ஆறு. சாயங்காலம் டீ முந்தும்.

வியாழன் இரவு, ஊட்டி

மேட்டுப்பாளையம் வழியாக ஏறி வந்தோம். பேப்பர் கப் ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப்புகளுக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாடு முழுக்கத் தடை. மலையில் கெடுபிடி இன்னும் அதிகம். அதனால் பீங்கான் கப், 320. எனக்குப் பிடித்த ஏற்பாடுதான், ஆனால் பீங்கானில் ஒரு தொல்லை இருக்கிறது.

இரவு எட்டு மணிக்குச் சமையற்கட்டில் சோதித்துப் பார்த்தேன். கப் கையில் ஜில்லென்று இருந்தது. அதில் 85 டிகிரிக் காபியை 90 மில்லி ஊற்றித் தெர்மாமீட்டரை விட்டேன். 66. வாய்க்குப் போகும் முன்பே கிட்டத்தட்ட இருபது டிகிரியைக் கப் உறிஞ்சிவிட்டது. இன்னொரு கப்பை வெந்நீரில் முக்கி எடுத்து, ஈரத்தை உதறி ஊற்றினேன். 75. அந்த ஒன்பது டிகிரி இருந்தால்தான் கப்பை ஏந்திக்கொண்டு வெளியே புல்வெளிக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் குடித்தாலும் சூடு இருக்கும்.

எல்லாரும் கேனைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கேனுக்குள் முன்கூட்டியே வெந்நீர் ஊற்றி வைப்பது நல்ல பழக்கம்தான், நானும் செய்கிறேன். ஆனால் இரட்டைச் சுவர் எவர்சில்வர் கேனை நிறைய ஊற்றி மூடினால் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்காது. கால்வாசி ஊற்றினால்தான் அது பெரிய நஷ்டம். சூடு போவது வைத்திருக்கும்போது அல்ல, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது.

டிக்காக்‌ஷனும் அப்படித்தான். இந்த உயரத்தில், 2,200 மீட்டருக்கு மேல், தண்ணீர் 93 டிகிரியைத் தொடுவதற்குள் கொதித்துவிடுகிறது. பாலும் கிட்டத்தட்ட அங்கேயே பொங்கிவிடும். முக்கால் பங்கு பாலில் கால் பங்கு ஆறிய டிக்காக்‌ஷனைக் கலந்தால், அடுப்பிலிருந்து இறங்கிய நிமிடமே காபி 75தான். டிக்காக்‌ஷனைச் சுட வைக்கவும் முடியாது. நேரே அடுப்பில் ஏற்றினால் மணம் போய்க் கசப்பு மட்டும் நிற்கும். மாஸ்டரண்ணன் டிக்காக்‌ஷன் தூக்கை மூடி, பெரிய அண்டாவில் வெந்நீருக்குள் இறக்கி வைத்துவிடுவார். 70 டிகிரிக்கு வந்துவிடும். கலந்தால் 87.

"டீத்தூளக் கொஞ்சம் கூடப் போடட்டுமாக்கா? தண்ணி இங்க சூடு பத்தாதே" என்றார். வேண்டாம் என்றேன். தூளைக் கூட்டினால் துவர்ப்புதான் கூடும். இரண்டு நிமிடம் அதிகம் கொதிக்கட்டும், வடித்துவிட்டுக் கேனில் ஊற்றுவோம். தூள் உள்ளேயே கிடந்தால் அரை மணியில் கஷாயம். இஞ்சியையும் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்க விட்டுத்தான் பால் சேர்க்க வேண்டும், பச்சை இஞ்சி பாலைத் திரித்துவிடும்.

வெள்ளி இரவு

பதினொரு மணிக்கான காபி 180 கப். கப்புக்கு 90 மில்லி என்றால் 16.2 லிட்டர். குழாய்க்குக் கீழே ஒவ்வொரு கேனிலும் அரை லிட்டர் நின்றுவிடும், ஆகவே 17. டிக்காக்‌ஷன் நாலேகால் லிட்டர் வேண்டும். பொடி கப்புக்கு 9 கிராம் வீதம் 1.6 கிலோ. பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்பதால் வெந்நீர் ஏழரை லிட்டர் ஊற்றினோம். இதை மறந்து நாலேகால் லிட்டரை ஊற்றிவிட்டு, டிக்காக்‌ஷன் ஒரு லிட்டர்தான் இறங்கியது என்று பில்டரை முறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதினேழையும் ஒரேயடியாகக் கலக்கவில்லை. 10.45க்கு எட்டு லிட்டர் மட்டும் கலந்து சின்னக் கேனை நிரப்பினோம். மீதிப் பால் மூடிய பாத்திரத்தில், சிம்மில். அரங்குக்குள் ஒரு தொண்டரை உட்கார வைத்து, தலைவர் நன்றி சொல்ல எழுந்ததும் மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லியிருந்தேன். கடிகாரத்தை நம்பிக் கப்பைச் சுட வைக்கக் கூடாது, அரங்குக்குள் கடிகாரம் வேறு மாதிரி ஓடும்.

ஓடியது. முதல் பேச்சாளர் 11.35க்குத்தான் இறங்கினார். மிஸ்டு கால் வந்ததும் கப்புகளை வெந்நீரில் முக்கி அடுக்கினோம், பாக்கி ஒன்பது லிட்டரை அப்போதுதான் கலந்தோம். 10.45 காபியை அளந்தேன்: 80. குழாயில் நின்ற ஆறிய காபியை மட்டும் முதல் கப்பாகப் பிடித்து ஓரம் வைத்தோம்.

ஒரு குழாயில் நிமிடத்துக்குப் பத்துக் கப்தான் பிடிக்க முடியும். கூட்டம் முதல் ஐந்து நிமிடத்தில் வந்து குவியும். அதனால் ஐந்து குழாய், காபிக்கு மூன்று, டீக்கு இரண்டு. மேசைக்கு இருபது கப்புக்கு மேல் முன்கூட்டிப் பிடித்து வைக்க நான் விடுவதில்லை. பார்க்க அழகாக இருக்கும், குடித்தால் பச்சைத் தண்ணீர்.

இரண்டாவது குழாய் நடுவில் நூலாக ஒழுகத் தொடங்கியது. பையன் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கப் போனான். பிடித்து நிறுத்தினேன். காபி தீரவில்லை, கேன் கனமாகத்தான் இருந்தது. பாலாடை அடைத்திருந்தது. வரிசையை அடுத்த கேனுக்குத் திருப்பிவிட்டு, குழாயைத் திறந்து பிடித்துக் கீழிருந்து மெல்லிய மூங்கில் குச்சியை விட்டேன். விரல் நீளத்துக்கு ஆடை சுருண்டு வந்து விழுந்தது, பிறகு ஓட்டம் சரியானது. கலக்கும்போது பாலை வலையில் வடிகட்டச் சொல்லியிருந்தேன். கடைசிப் பாத்திரத்துக்கு அவசரத்தில் விட்டிருக்கிறார்கள்.

கழுவிய கப் திரும்பி வந்ததை எல்லாம் சேர்த்து 297 கப் போயிற்று. சாயங்காலம் 240.

சனி இரவு

இரண்டாம் நாள் பிற்பகலுக்குத் தனிக் கணக்கு. சான்றிதழ் கையில் வந்ததும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். மதியச் சாப்பாட்டில் தட்டுகளை எண்ணினேன்: 160. அதில் 110 பேராவது நிற்பார்கள் என்று 130 கப்புக்குத்தான் பால் ஏற்றச் சொன்னேன். "நேத்து 240 போச்சேக்கா" என்று மாஸ்டரண்ணன் தயங்கினார். பத்து லிட்டர் பாலைக் காய்ச்சாமல் பாக்கெட்டிலேயே ஐஸ்பெட்டியில் விட்டார்.

118 கப்தான் போயிற்று. காலையில் மிஞ்சிய டீ மூன்று லிட்டரைச் சாயங்காலத்துக்குச் சுட வைக்கலாமே என்று பையன் கேட்டான். பால் கலந்து நாலு மணி நேரம் நின்றது; கேனிலேயே 60க்குக் கீழே இறங்கியிருந்தது. கொட்டச் சொல்லிவிட்டேன். பாக்கெட் உடைக்காத பாலைப் பேராசிரியரின் விடுதிச் சமையற்கட்டு விலைக்கே எடுத்துக்கொண்டது.

பில் போடும்போது அவர் 660ஐ இரண்டால் பெருக்கி 1,320 என்று எழுதி வைத்திருந்தார். நான் வேளை வாரியான தாளைக் கொடுத்தேன். இரண்டு நாளும் சேர்த்து 1,110.