'சார், பேமெண்ட்?' - பதில் வராத மெசேஜும், 60 டி-ஷர்ட்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு, 'சார், பேமெண்ட்' என்று ஒரு மெசேஜ். சனிக்கிழமை, கைகூப்பும் எமோஜியோடு 'சார்'. அன்று காலையில் வெறும் '?'. மூன்றுக்கும் நீல டிக் விழுந்திருந்தது. பதில்தான் இல்லை.

திருப்பூரில் எங்களுக்கு எட்டு மெஷின் போட்ட பவர் டேபிள் யூனிட். கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை டி-ஷர்ட்டாகத் தைத்துத் திருப்பிக் கொடுப்பது வேலை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. எங்களிடம் தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். அது ஒரு வாரம்கூடத் தள்ளாது. கம்பெனியிலிருந்து வரவேண்டிய பணமோ மாதக்கணக்கில் தள்ளும். அந்த இடைவெளியை அம்மாவின் நகைதான் பலமுறை நிரப்பியிருக்கிறது.

இந்த முறை 6,200 பீஸ். பீஸுக்கு 12 ரூபாய் வீதம் 74,400 ரூபாய். 30 நாளில் பணம் என்று ஜாப் ஆர்டரிலேயே எழுதியிருந்தது. அன்றைக்கு 33-வது நாள்.

"பார்த்துட்டும் பதில் போடலீன்னா, தர மனசில்லீன்னுதானே கண்ணு அர்த்தம்?" என்றார் அப்பா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், செய்திக்காக அதிகாரிகளிடம் பதில் கேட்டு அலைவது என் தினசரி வேலை. பதில் வராததற்கு மறுப்பைவிடச் சாதாரணமான காரணங்களே அதிகம் என்று அதில் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மெசேஜ்களையும் வாங்கியவர் இடத்தில் இருந்து படித்துப் பார்த்தேன். எந்த பில், எவ்வளவு தொகை, என்றைக்குக் கொடுத்த சரக்கு... எதுவுமே இல்லை. அவர் பதில் சொல்ல நினைத்தாலும் நாலு ரெஜிஸ்டரைப் புரட்ட வேண்டும். அதிலும் போனது முதலாளிக்கு; பில்லை பாஸ் செய்வது அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்.

நேரமும் தப்பு. வெள்ளி இரவுக்குள் அந்த வாரப் பணம் யார் யாருக்கு என்று பிரித்து முடித்திருப்பார்கள். சனிக்கிழமை அவர்களுக்கும் சம்பள நாள்.

அதனால் செவ்வாய்க்கிழமை வரை பொறுத்தோம். 35-வது நாள், காலை 11 மணி. முதலாளிக்கும் அக்கவுன்ட்ஸ் மேடத்துக்கும் சேர்த்து இப்படி அனுப்பினோம்:

'வணக்கம் சார், மேடம். உங்கள் ஜாப் ஆர்டருக்கு 6,200 பீஸ் தைத்து, மூன்று டி.சி-யில் கொடுத்து முடித்தோம். பில் தொகை ரூ.74,400. பேசிய 30 நாள் கடந்த வியாழனோடு முடிந்தது. பில்லும் டி.சி நகல்களும் இத்துடன் உள்ளன. பணம் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று சொன்னால், எங்கள் சம்பளக் கணக்கை அதற்கேற்ப வைத்துக்கொள்வோம். நன்றி.'

அனுப்பும் முன் அப்பாவுக்குத் தயக்கம். "இவ்வளவு எழுதுனா சண்டைக்குப் போற மாதிரி இருக்காதா? அடுத்த ஆர்டரும் அவங்கதான் கொடுக்கணும்." அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் 'ஏன் தரவில்லை' என்ற கேள்வியே அதில் இல்லை. 'எப்போது' மட்டும்தான் இருந்தது.

புதன், வியாழன், வெள்ளி, சனி... பதில் இல்லை. தினமும் ஒரு முறை 'இன்னொரு மெசேஜ் போட்டுடலாமா?' என்று கேட்டார் அப்பா. நாலு வேலை நாளாவது விடலாம் என்று பிடித்துவைத்தேன். பில்லை ஒருவர் சரிபார்த்து, இன்னொருவர் கையெழுத்து போட அந்த நேரம் வேண்டும். அதற்குள் மறுபடி கேட்டால், நம் மெசேஜைப் பார்த்ததும் ஒதுக்கும் பழக்கம்தான் அவர்களுக்கு வரும்.

திங்கட்கிழமை, 41-வது நாள். பழைய மெசேஜையே குறிப்பிட்டு அதன் கீழே அனுப்பினோம். மொத்தக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் மாற்றினோம்: 'மேடம், பில் பாஸ் ஆகிவிட்டதா? பீஸ் எண்ணிக்கையிலோ தையலிலோ ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள், நாளையே நேரில் வந்து சரிசெய்து தருகிறோம்.'

மாலை 4 மணிக்குப் பதில் வந்தது. 'இன்வேர்டுல 60 பீஸ் குறையுது. அதான் ஹோல்டு.'

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசி லோடில் 2,000 பீஸ் போயிருக்க வேண்டும். 60 பீஸில் ஆல்டரேஷன் இருந்ததால், 1,940-க்கு மட்டும் டி.சி போட்டு அனுப்பியிருக்கிறார். மீதியை மறுநாள் காலை மொபெட்டில் கொண்டுபோய், டி.சி போடாமல், செக்கிங் டேபிளில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பில் மட்டும் 6,200-க்கு. நான் இணைத்த டி.சி நகல்களைக் கூட்டிப் பார்த்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும். 720 ரூபாய் கணக்கு இடித்ததால் 74,400 ரூபாயும் நின்றுவிட்டது. தவறு எங்களுடையது!

செவ்வாயன்று அப்பா நேரில் போய், செக்கிங்கில் எழுதிவைத்திருந்ததைக் காட்டி, 60 பீஸுக்கு டி.சி கொடுத்தார். வியாழன், 44-வது நாள், டி.டி.எஸ் 744 ரூபாய் போக 73,656 ரூபாய் அக்கவுன்ட்டில் ஏறியது.

அன்றும் பதில் வராமல் போயிருந்தால்? அதற்கும் ஒரு கடிதத்தைத் தயாராக வைத்திருந்தேன். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உத்யம் பதிவு இருந்தால் ஆன்லைனில் புகார் செய்யலாம். பதிவு இலவசம், ஆனால் வேலையை எடுப்பதற்கு முன்பே செய்துவைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

அந்தக் கடிதத்தை 46-வது நாளில் பதிவுத் தபாலில் அனுப்புவதாக இருந்தோம். முதல் மெசேஜிலேயே சட்டத்தை நீட்டியிருந்தால், 60 பீஸ் விஷயம் வெளியே வந்திருக்காது. எங்கள் தவற்றோடு நாங்களே புகார் கொடுத்து நின்றிருப்போம். புகார் கொடுத்த பிறகு அந்தக் கம்பெனியின் ஆர்டர் தொடரும் என்று எந்தச் சட்டமும் உறுதி தராது என்பதும் உண்மை.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. சரக்கு கொடுத்த 15 நாளுக்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் வராவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அப்படியென்றால், எங்கள் முதல் மெசேஜ் 35-வது நாளில் போயிருக்கக் கூடாது. பணம் கேட்காமல், 'எண்ணிக்கை சரியா, குறை ஏதாவது உண்டா?' என்று மட்டும் 10-வது நாளிலேயே கேட்டிருந்தால், அந்த 60 பீஸ் அப்போதே தெரிந்திருக்கும்.

இப்போது தையல் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் காலண்டரில், ஒவ்வொரு ஆர்டருக்கும் அப்பா நாலு தேதியில் வட்டம் போடுகிறார். 10-வது நாள், எண்ணிக்கை கேட்க. 27-வது நாள், தவணை வருவதை நினைவூட்ட. 35-வது நாள், தேதி கேட்க. 41-வது நாள், என்ன தடை என்று கேட்க. வட்டம் வெள்ளி, சனியில் விழுந்தால் அம்புக்குறி போட்டு அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிவிடுகிறார்.

போன வாரம் போன் செய்தார். "10-வது நாள் மெசேஜுக்கு உடனே பதில் வந்துருச்சு கண்ணு. நாலு பீஸ்ல கழுத்துத் தையல் பிரிஞ்சிருக்காம். எடுத்துட்டு வரப் போயிட்டிருக்கேன்."

"டி.சி போட்டுடுங்கப்பா" என்றேன்.

"புக்கு பாக்கெட்டுலதான் இருக்கு!"