"லேசான நோவுதானே" என்று நாங்கள் விட்ட ஏழு வாரம்



பிள்ளைகள் வைத்திருக்கும் எல்லாரும் இதை ஒருமுறை வாசியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது. பிழையும் எங்களுடையதுதான்.

கடந்த வருஷம் பாடசாலை விடுமுறையில் கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்குப் போயிருந்தோம். ஒழுங்கைக்குள் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். பதினேழு வயது மகன் பந்தைப் பிடிக்கப் பின்னால் ஓடி, ஈரச் சீமெந்தில் சறுக்கி, வலது கையை நீட்டி ஊன்றி விழுந்தான். எழும்பிக் கையை உதறிவிட்டுத் திரும்ப விளையாடினான். அன்றிரவு வெள்ளவத்தைக்கு வந்த பிறகு கேட்டோம். "லேசாத்தான் வாப்பா நோவுது" என்றான். வீக்கம் பெரிதாக இல்லை. விரல்கள் எல்லாம் அசைந்தன. சுளுக்கு என்று முடிவெடுத்து, தைலம் பூசி விட்டோம்.

அடுத்த நாள் பேனை பிடித்து எழுதினான். புத்தகப் பையையும் தூக்கினான். நோவு குறைந்துகொண்டு போனது போலவே தெரிந்தது. காட்டிக் கொடுத்தது தொழுகைதான். சுஜூதிலிருந்து எழும்பும்போது உள்ளங்கையை ஊன்றாமல், கையைப் பொத்தி முட்டியை ஊன்றினான். அதைக் கவனித்தபோது ஏழு வாரம் ஓடியிருந்தது.

எலும்பு வைத்தியர் கையைப் பார்த்ததும் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். அப்படித் தூக்கினால் பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் பக்கம், இரண்டு நரம்பு கயிறு போல எழும்பி நடுவில் ஒரு சின்னக் குழி விழும். முந்தைய காலத்தில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சுவார்களாம். வைத்தியர் அந்தக் குழியில் ஒரு விரலால் அழுத்தினார். மகன் கையை இழுத்துக்கொண்டான்.

குழிக்கு அடியில் இருப்பது படகு எலும்பு. ஆங்கிலத்தில் ஸ்கேஃபாய்ட். முந்திரிப் பருப்பளவுதான் இருக்கும். கையை நீட்டி விழும்போது உடம்புப் பாரம் உள்ளங்கை வழியாக இதன் மேல்தான் இறங்குகிறது. முறிந்தாலும் துண்டுகள் பெரும்பாலும் விலகாமல் அப்படியே ஒட்டினாற்போல் நிற்கும். ஆகையால் கை கோணுவதில்லை, வீக்கமும் கொஞ்சம்தான். எழுதுவதற்கு அவ்வளவு நோவு தெரியாது. கையைப் பின்னுக்கு மடக்கிப் பாரம் கொடுக்கும்போதுதான் தெரியும்.

அப்படியானால் ஏன் அவசரம்? வைத்தியர் படம் கீறிக் காட்டினார். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையால் உள்ளே போய், பின்னோக்கி முழங்கைப் பக்கம் வருகிறது. நடுவில் முறிந்தால் பின்பக்கத் துண்டுக்கு இரத்தம் தடைப்படும். அசையாமல் வைத்தால் மெதுவாக ஒட்டும். அசைந்துகொண்டே இருந்தால் ஒட்டாது. சில வேளை அந்தத் துண்டு செத்தே போகும். சிகிச்சை நான்கு வாரத்துக்கு மேல் பிந்தினால் ஒட்டாமல் போகும் ஆபத்து நன்றாகக் கூடுகிறது. ஒட்டாத எலும்பை வைத்துக்கொண்டு காலம் தள்ளினால், வருஷங்கள் போகப் போக மணிக்கட்டு மூட்டு தேய்ந்து இறுகிவிடும்.

எக்ஸ்ரேயில் மகனின் எலும்புக்கு நடுவே இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. முதல் வாரமே போயிருந்தால் பிளாஸ்டரோடு முடிந்திருக்கலாம். இப்போது இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்து வைத்து, ஒரு திருகாணி போட வேண்டி வந்தது. அதன் பிறகும் பல வாரம் பிளாஸ்டர். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு ஒட்டிவிட்டது. ஆனால் கை முன்பு போல் முழுதாகப் பின்னுக்கு மடங்குவதில்லை.

இன்னுமொன்று. விழுந்த அன்றே எக்ஸ்ரே எடுத்தாலும் சிலருக்கு இந்த முறிவு தெரியாது. "படத்தில் ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் குழியில் நோவு இருந்தால், மணிக்கட்டுக்கு அசையாத கட்டுப் போட்டு, பத்துப் பதினாலு நாளில் திரும்பவும் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்பார்கள். குழியில் நோவு இருந்தால் கட்டாயம் முறிவுதான் என்றில்லை. ஆனால் பார்க்காமல் சுளுக்கு என்று சொல்லவும் முடியாது. அதற்கு முன் எண்ணெய் போட்டு உருவவோ இழுக்கவோ வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவில் காசு செலவில்லாமல் காட்டலாம்.

பிளாஸ்டர் போட்டால் வுளூ எப்படி என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டின் மேல் ஈரக் கையால் தடவினால் போதும் என்று எங்கள் பள்ளிவாசல் இமாம் விளக்கினார்.

இப்போது பாடசாலையில் எந்தப் பிள்ளை கையை ஊன்றி விழுந்தாலும், "நோவுதா?" என்று மட்டும் கேட்டு விடுவதில்லை. பெருவிரலைத் தூக்கச் சொல்லி அந்தக் குழியை மெதுவாக அழுத்திப் பார்க்கிறோம். முகம் சுருங்கினால் அன்றே உம்மா வாப்பாவுக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

மகனின் கைக்காக துஆ செய்யுங்கள்.
வஸ்ஸலாம்.