அழிந்த உரையாடல்

தோசை மாவு அரைக்கும் முறையைப் பாட்டி புலனத்தில் சொல்லியிருந்தார். கைப்பேசி பழுதாகி அந்த உரையாடல் அழிந்தது.

பேத்தி முதலில் தன் பழைய கேள்விகளைத் தாளில் எழுதினாள். அரிசிக்கு எவ்வளவு உளுந்து? எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும்? புதிய விடையைக் கேட்டால் பழைய நினைவு அதனோடு கலந்துவிடும். ஆகவே, நினைவிலிருந்ததை முன்னதாகவே குறித்தாள்: உளுந்து 4க்கு 1, ஊற 8 மணி நேரம், புளிக்கும் நேரம் நினைவில்லை.

பிறகு பாட்டியை அழைத்தாள். “8 மணி நேரம் ஊறணும்தானே?” என்று கேட்டால், பாட்டி பேச்சுவாக்கில் “ஆமாம்” என்றுவிடலாம். அதனால், எழுதிய கேள்விகளையே கேட்டாள்.

“4க்கு 1 உளுந்து போடும்மா. 4 மணி நேரம் ஊறினால் போதும். அரைத்த பிறகு 8 மணி நேரம் புளிக்கட்டும்,” என்றார் பாட்டி.

உளுந்தின் அளவு ஒத்துப்போனது. 8 என்ற எண்ணும் சரிதான்; ஆனால், அது வேறொரு கேள்வியின் விடை.