மொய் நோட்டைப் பார்த்துவிட்டு லோன் எடு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை தெருக் கூட்டத்தில் என்ன பேசினேன் என்று கேட்டிருந்தாய். பத்து நிமிடம்தான் பேசினேன். கையில் தாத்தாவின் மொய் நோட்டு இருந்தது.

மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அப்புறம் ஊர், பெயர், ரூபாய்: இரண்டு, ஐந்து, எங்கோ ஒரு பதினொன்று. நம் பேராவூரணிப் பக்கத்தில் மொய் அன்பளிப்பு இல்லை, வட்டியில்லாக் கடன். வைத்தவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்ப வேண்டும். மேலே கூட்டி வைப்பது புதுநடை, அது அவர் கணக்கில் புதிதாக ஏறும். வீட்டில் விசேஷம் வராதவர்கள் ஆடியில் மொய் விருந்து வைத்து, போட்டதை வாங்கிக்கொள்வார்கள்.

தாத்தா காலத்தில் பந்தல் வாசலில், அரிசி வீட்டு நெல்லில், சமையலுக்குப் பங்காளிகள். பெரிய செலவை மொய் வந்த பிறகு தீர்த்தால் போதும். இன்று மண்டபம், சமையல்காரர், நகைக்கடைக்காரர் எல்லோருமே முன்பணம் கேட்கிறார்கள். மொய்யோ தாலி கட்டிய பிறகுதான் வரும். இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் நுழைந்தார்.

நான் சொன்ன கணக்கு இது. ஒருவர் 3 வட்டிக்கு 4 லட்சம் வாங்குகிறார். 3 வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று, வருடத்துக்கு 36. ஒரு மாதம் தள்ளிக் கல்யாணம். அதற்குள் வட்டி மட்டும் 12,000. மொய் இரண்டரை லட்சம் வந்தது, அப்படியே அசலில் கட்டிவிட்டார். மீதி ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500 போகிறது, அசல் அசையவில்லை. கடன் குறைந்ததென்று நிம்மதி வேறு! ஆனால் கட்டிய மொய்யும் கடன்தானே? ஆவணியில் ஐந்து பத்திரிகை வந்தால் அதற்கு மறுபடி வட்டிக்காரரிடம்தான் போவார். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு இடத்தில் கடன்.

தீபாவளித் தண்டலையும் சொன்னேன். 10,000 என்று எழுதி, 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். 1,500தானே என்று தோன்றும். தினமும் திருப்பிக் கட்டுவதால் சராசரியாகப் பாதிப் பணம்தான் நம்மிடம் இருக்கிறது. வருடக் கணக்கில் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது. ஆனால் தண்டல்காரர் தரும் சீட்டில் 8,500 என்று எங்கே இருக்கிறது, புகார் கொடுக்க?

“அப்ப எவ்வளவுதான்யா செலவு பண்றது?” என்றார் டீக்கடைக்காரர். கையில் சேர்த்ததோடு, நோட்டில் நாம் வைத்து இன்னும் திரும்பாத மொய்யைக் கூட்டச் சொன்னேன். அதிலும் ஊரைவிட்டுப் போனவர்களையும் செத்தவர்களையும் கழித்துவிட வேண்டும். முன்பணத்தைக் கையிருப்புக்குள் அடக்க வேண்டும். அவர் முகம் சுருங்கியது. மகளுக்குப் பெரிய மண்டபமாகப் பேசி வைத்திருந்தாராம்.

தங்கச்சி கல்யாணத்துக்கு நீ பர்சனல் லோன் கேட்டிருப்பதாக உன் அம்மா சொன்னார். உன் அப்பா எழுதிய மொய் நோட்டு என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. நேற்று எண்ணினேன், 42 வீடு இன்னும் திருப்பவில்லை. பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன், கூட்டிப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

சித்தப்பா