மை பற்றிப் பாடினேன், பட்டியலை விட்டேன்

2024 மக்களவைத் தேர்தலுக்கு, முதல் முறை வாக்களிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு கவிதை எழுதித் தரும்படி தாலுகா அலுவலகத்தில் கேட்டார்கள். எழுதினேன். இடது ஆட்காட்டி விரலில் விழும் மையை விடியலின் பொட்டு என்றேன், வாக்கை வாள் என்றேன். பதினெட்டு வயது என்ற சொல்லை வைத்தே எட்டு வரி ஓட்டினேன்.

படித்துப் பார்த்த துணை வட்டாட்சியர், “பட்டியலில் பெயர் இருக்கான்னு பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாமே சார்” என்றார். கவிதைக்குள் படிவமா என்று எனக்கு முகம் சுளித்தது. ஓசை கெடும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். ஓசை ஒரு சாக்குதான். சுவரொட்டியில் என் பெயருக்கு மேலே ‘படிவம் 6’ என்று அச்சாவதை நான் விரும்பவில்லை.

என் அக்கா மகள் அதைக் கல்லூரியில் மனப்பாடமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினாள். ஏப்ரல் 19 காலை ஏழு மணிக்கே ஆதாரை எடுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனாள். முதல் மேசையில் இருந்தவர் பட்டியலைப் புரட்டினார், பெயர் இல்லை. பதினெட்டு முடிந்தால் பெயர் தானாகவே ஏறிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆதார், வந்திருப்பவர் யார் என்பதைத்தான் காட்டும். வாக்குரிமை பட்டியலில் இருக்கிறது. அதில் சேர, படிவம் 6-ஐ நாமே கொடுக்க வேண்டும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் புதிய பெயர் ஏறாது. தமிழ்நாட்டில் அந்த நாள் மார்ச் 27. என் சுவரொட்டி அதற்கு முன்பே அவள் கல்லூரி வாசலில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

“மாமா, உங்க கவிதையில பட்டியலைப் பத்தி ஒண்ணுமே இல்லையே” என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். வாக்குச்சாவடிக்கு வா வா என்று அழைத்தவன், வந்தவள் உள்ளே போக என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையில் அந்தத் தேதிக் கணக்கு அதுவரை எனக்கே தெரியாது. என் பெயரை எப்போதோ அப்பா சேர்த்துவிட்டார்.

பிறகு மாற்றி எழுதினேன்:

பட்டியல்ல பேரிருக்கா பாத்தியாடா தம்பி?
அட்டையை மட்டும் நம்பிவந்தா திரும்பணுமே வெம்பி!
ஆறாம் நம்பர் படிவத்தை முன்கூட்டியே போடு,
ஆறு மணிக்குள் வரிசைவந்தா உனக்கு உண்டு ஓட்டு!

கடைசி வரி வெறும் ஓசைக்காக வந்ததல்ல. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்குள் வரிசையில் சேர்ந்துவிட்டவர்கள், எவ்வளவு நேரமானாலும் வாக்களிக்கலாம்.

அவளிடம் காட்டினேன். “வெம்பியெல்லாம் வேணாம் மாமா, நான் பேசாம வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டேன்” என்றாள். தம்பிக்கு வேறு இயைபு கிடைக்கவில்லை. அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டேன்.