அழித்த பிறகும் வந்து உட்காரும் விலை

விலையை மாற்றியாயிற்று. டேட்டாபேஸிலும் புது விலைதான் இருக்கிறது. வாடிக்கையாளர் திரையில் மட்டும் பழைய விலை. இப்படிப் புகார் வந்தால், 'கேஷை அழிக்க மறந்திருப்பாங்க சார்' என்பார்கள் நம் பிள்ளைகள். பல நேரம் அது சரிதான். ஆனால் ஒழுங்காக அழித்த பிறகும் பழைய விலை வந்து உட்கார ஒரு வழி உண்டு. ஆட்களை அதிகம் திணறடிப்பது அதுதான்.

எவர்சில்வர் தூக்கு ஒன்றின் விலை 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேஷில் அது இல்லை. ஒருவர் பக்கத்தைத் திறக்கிறார். சர்வர் டேட்டாபேஸிலிருந்து 480-ஐப் படிக்கிறது. அதைக் கேஷில் எழுதுவதற்குள் சிறு தாமதம். அந்த இடைவெளியில் கடைக்காரர் விலையை 520 ஆக்குகிறார், கேஷையும் அழிக்கச் சொல்கிறார். அங்கே அழிக்க ஒன்றும் இல்லை. பிறகு, தாமதித்துக் கிடந்த வேலை கையிலிருந்த 480-ஐ எழுதிவிட்டுப் போகிறது. கேஷின் ஆயுள் ஒரு மணி நேரம் என்றால், அந்த நேரம் முழுக்க எல்லோருக்கும் 480தான். ஆயுளைப் பத்து நிமிடமாகக் குறைப்பார்கள் சிலர். புகார் குறையும், பிழை அப்படியே இருக்கும்.

விலையை மாற்று, படி, 520 வருகிறதா பார் என்று எழுதும் சோதனையில் இது ஒருநாளும் சிக்காது. அதில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கிறது. `sleep` போட்டு அதிர்ஷ்டத்தை நம்புவதும் வேண்டாம். படிப்பவரைச் சரியாக அந்த இடைவெளியில் பிடித்து நிறுத்த வேண்டும். சோதனைக்கான டேட்டாபேஸ், முதல் முறை விலையைப் படித்ததும் `read_done` என்று சைகை காட்டிவிட்டு, `resume` வரும்வரை நிற்கட்டும்:

```python
reader.start()
read_done.wait()
update_price("P7", 520)
resume.set()
reader.join()
assert get_price("P7") == 520
```

பிழை இருந்தால் இது ஒவ்வொரு முறையும் தோற்கும். அப்படித் தோற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே திருத்தத்தில் கை வையுங்கள்.

ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013-இல் வெளியிட்ட மெம்கேஷ் ஆய்வுக் கட்டுரையில் இதற்கொரு தீர்வு இருக்கிறது. கேஷில் விலை இல்லாதபோது, கேட்டவருக்கு ஒரு டோக்கன் தரப்படும். இடையில் யாராவது அந்த விலையை அழித்தால் டோக்கன் செல்லாது. பழைய 480-ஐ எழுத வருபவரைக் கேஷே திருப்பி அனுப்பிவிடும்.

இதுவும் முழுக் காவல் இல்லை. படிப்பது பின்தங்கிய ரெப்ளிகாவிலிருந்து என்றால், அழித்த பிறகு வருபவருக்கும் 480தான் கிடைக்கும். அவர் டோக்கனோ செல்லுபடியானது! அதற்குத் தனிச் சோதனை வேண்டும்: ரெப்ளிகாவை வேண்டுமென்றே பின்தங்க வைத்து, விலையை மாற்றி, பக்கத்தைத் திறந்து, ரெப்ளிகாவை விடுவித்து, மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் 480 என்றால், அழித்தவுடன் வரும் முதல் வாசிப்பையாவது மூல டேட்டாபேஸுக்குத் திருப்ப வேண்டியதுதான். பணம் வாங்கும் பக்கம் மட்டும் எப்போதுமே கேஷைக் கேட்கக் கூடாது.