பிளக்கைக் கழட்டிட்டு மிக்ஸியைப் போடுங்கம்மா

ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை அது. குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஆடு ஏற்றி வந்த வண்டிகள் விடியும் முன்பே எங்கள் தெரு முனையைக் கடந்துவிட்டிருந்தன. அம்மா சட்னி அரைக்க மிக்ஸியைத் திருகியதும் வீடு முழுக்க மின்விசிறிகள் நின்றன. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த டிரிப்பர் விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் நிற்கிறது, விசிறி ஓடுகிறது, விளக்கு எரிகிறது. மிக்ஸியைப் போட்டால் மறுபடி விழுகிறது. "மிக்ஸி போச்சு" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு மிக்ஸியை வாங்கிவந்து போட்டோம், அதற்கும் விழுந்தது. இஸ்திரிப் பெட்டி சூடேறத் தொடங்கினாலும் விழுந்தது.

இது முந்தைய நாளே தொடங்கிவிட்டது. புதன் இரவு கோடை மழை நன்றாகப் பெய்திருந்தது. வியாழன் காலையில் அம்மா கூப்பிட்ட ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "டிரிப்பர்தான் வீக். அதை எடுத்துட்டு நேரா இழுத்துவிட்டா பிரச்சனையே இருக்காது" என்றார். நல்லவேளை, நான் வரும்வரை பொறுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டார். ஓசூரிலிருந்து வந்ததும் எங்கள் ஊர்க் கூட்டு ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்தேன். சூளகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி வரை அவருடைய டி.வி.எஸ். வண்டி போகாத ஊர் இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்க 250 ரூபாய், வேலைக்குத் தனி, இரவு ஒன்பதுக்கு மேல் என்றால் நூறு கூடுதல். இதை போன் எடுத்த உடனே சொல்லிவிடுவார். அதற்கடுத்து அவர் கேட்பதுதான் நான் இங்கே எழுத வந்த விஷயம்.

முதல் கேள்வி: "பக்கத்து வீட்ல கரென்ட் இருக்கா?" இல்லையென்றால் அவருக்கு அங்கே வேலையில்லை. மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தின் பொறுப்பு, அதற்கு இந்தப் பக்கம்தான் வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவே இருட்டு என்றால் 2021 ஜூனில் தொடங்கிய 'மின்னகம்' எண்ணைச் சொல்லி, 94987 94987, அங்கே புகார் கொடுங்கள் என்று வைத்துவிடுவார். வந்து நின்று தலையை ஆட்டிவிட்டு 250 ரூபாய் வாங்குவது அவருக்கு ஆகாது.

இரண்டாவது: "எது விழுது? சின்ன சின்னதா வரிசையா இருக்கே அதுல ஒண்ணா, இல்ல டெஸ்ட்னு பட்டன் போட்ட அகலமானதா?" வரிசையில் இருப்பவை எம்.சி.பி.கள். கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். பட்டன் போட்டது ஆர்.சி.சி.பி., பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. பேஸ் கம்பியில் போனது முழுவதும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். வழியில் எங்காவது பூமிக்குக் கசிந்து, போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கட்டாயம் விழவேண்டும். பாதியான 15-ஐத் தாண்டினாலே விழலாம். நூறு வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று 430 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துப் பார்த்தால் 30 எவ்வளவு சிறியது என்று தெரியும். மனித உடம்பு வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும் அளவுக்கு முன்பாகவே துண்டிப்பதற்காக வைத்த அளவு அது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இவ்வளவு சிறிய கசிவு தெரியவே தெரியாது.

எங்கள் வீட்டில் விழுந்தது பட்டன் போட்டது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கீசர் இருக்கா?" என்றார்.

"இருக்கு. ஆனா பிப்ரவரியோட விட்டாச்சு. சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு" என்றார் அம்மா.

"சுவிட்ச் இருக்கட்டும்மா. பிளக்கைக் கழட்டிட்டு மிக்ஸியைப் போடுங்கம்மா."

கழற்றினோம். மிக்ஸி ஓடியது. இஸ்திரிப் பெட்டியும் கூடவே ஓடியது. டிரிப்பர் அசையவில்லை.

அணைந்து கிடக்கும் கீசர் ஓடும் மிக்ஸியை எப்படி நிறுத்தும்? சாயங்காலம் அவர் வந்தபோது அதைத்தான் கேட்டேன். அவர் ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளக்கின் மூன்று முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 26 ஓம். 2,000 வாட்ஸ் கீசருக்கு அது சரியான அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே முள் அசையவே கூடாது. எங்களுடையதில் 8 ஓம் காட்டியது. பேஸுக்கும் எர்த்துக்கும் 30. ஆக, உள்ளே இருக்கும் சுருள் கம்பி நியூட்ரல் முனைக்கு மிக அருகில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று மூடியைத் திறக்காமலேயே சொல்லிவிட்டார்.

சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்ச் பேஸ் கம்பியை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் எங்கள் கீசர் வழியாக வீட்டு நியூட்ரல் எர்த்தைத் தொட்டபடி கிடந்திருக்கிறது. நியூட்ரலில் மின்னழுத்தமே இராது என்று நாம் நினைக்கிறோம். டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரமாக இருக்கும் வீட்டில், கம்பியில் மின்சாரம் ஓட ஓட, நியூட்ரல் பூமியைவிட ஒன்றிரண்டு வோல்ட் உயர்ந்து நிற்பது சாதாரணம். மிக்ஸி மாதிரி பெரிய லோடு போட்டால் அது இன்னும் கொஞ்சம் ஏறும். மிக்ஸியிலிருந்து திரும்பும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு, நியூட்ரல் கம்பியில் போகாமல் கீசர் வழியாக எர்த் குழிக்குள் இறங்கிவிடும். போனதும் வந்ததும் பொருந்தவில்லை என்று டிரிப்பர் விழுந்துவிடும். விசிறி எடுக்கும் மின்சாரம் கொஞ்சம் என்பதால் அதற்கு விழாது.

அப்படியானால் மார்ச் மாதம் முழுக்க ஏன் விழவில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அண்ணன் எங்கள் வீட்டுக்குப் பின்னால் போய் எர்த் குழியைப் பார்த்தார், மண் ஈரமாக இருந்தது. எங்கள் பக்கம் பாறையும் சரளையும் கலந்த நிலம். கோடையில் குழி காய்ந்துவிட்டால் மண்ணின் தடை மிகவும் ஏறிவிடும். மொத்த வழியில் 150 ஓம் இருந்தால் இரண்டு வோல்ட்டுக்கு 13 மில்லி ஆம்பியர்தான் கசியும், டிரிப்பர் பொறுத்துக்கொள்ளும். புதன்கிழமை மழை குழியை நனைத்து அது 50 ஓமுக்கு இறங்கியிருந்தால் அதே இரண்டு வோல்ட்டுக்கு 40. இந்த 150, 50 எல்லாம் அவர் அளந்தவை அல்ல, விளங்குவதற்காகச் சொன்னவை. நடந்தது அதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. காய்ந்து கிடந்த குழி கீசரின் பழுதை மறைத்து வைத்திருந்தது, மழை அதைக் காட்டிக்கொடுத்தது.

கீசரைக் கழற்றியபோது அடியிலிருந்து இரண்டு கை அளவு வெள்ளைச் செதில் கொட்டியது. எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீர். சூடேறும்போதெல்லாம் அதிலிருக்கும் சுண்ணாம்பு ஹீட்டர் ராடின் மேல் படியும். படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாமல் ராடுக்குள்ளேயே தங்கும். மேலே செம்பு உறை, நடுவே வெள்ளைத் தூள், அதற்குள் சுருள் கம்பி என்பதுதான் ராடின் அமைப்பு. உறை ஓரிடத்தில் வெடித்திருந்தது. தண்ணீர் புகுந்து தூள் நனைந்து, கம்பி உறையோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் இருக்கவேண்டிய மக்னீசியம் கம்பி வெறும் ஈர்க்காக மிஞ்சியிருந்தது. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்று வைக்கும் கம்பி அது. உப்புத் தண்ணீர் வீட்டில் ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்கவேண்டும். எங்களுடையதை நாலு வருடமாக யாரும் திறக்கவில்லை.

புது ராடு, வாஷர், மக்னீசியம் கம்பி மூன்றுக்கும் பில்லோடு 980 ரூபாய். கூலி 400. வந்து பார்த்ததற்கு 250. கூடவே சுவரில் இருந்த சாதாரண சுவிட்சை எடுத்துவிட்டு, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் டி.பி. சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார். அணைத்தால் உண்மையாகவே அணைந்ததாக இருக்கவேண்டும் என்றார்.

அந்த 250 ரூபாய் அதிகம் என்று தெருவில் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்ரோல், அலைச்சல் எல்லாம் போக, பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு உண்டான கூலி அதில்தான் இருக்கிறது. அதையும் அவர் பாதிக்கு மேல் போனிலேயே, காசு வாங்காமல், முடித்துவிட்டிருந்தார். வியாழக்கிழமை வந்தவர் கேட்டது வெறும் நூறு ரூபாய். அவர் சொன்னபடி டிரிப்பரை எடுத்திருந்தால் மிக்ஸி ஓடியிருக்கும், நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். பிளக் பாயிண்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறி இருப்பது பழைய வீடுகளில் சர்வசாதாரணம். அப்படி மாறியிருந்து, எர்த் கம்பியும் எங்காவது விட்டுப்போயிருந்தால், எட்டு ஓம் தூரத்தில் இருப்பது 230 வோல்ட். அணைத்த கீசரின் குழாயைத் திறக்கக் கை நீட்டுவது என் அம்மா. டிரிப்பரை எடுத்துவிட்டு நேராக இழுக்கச் சொல்லும் எவரையும் நான் இனி வீட்டுக்குள் விடமாட்டேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

போவதற்கு முன் டிரிப்பரின் டெஸ்ட் பட்டனை அம்மாவையே அழுத்தச் சொன்னார். டக்கென்று விழுந்தது. "மாசம் ஒருதரம் இப்படி அமுக்குங்கம்மா. விழலைன்னா அன்னிக்கே கூப்பிடுங்க" என்றார். விழுந்தால் டிரிப்பருக்கு உயிர் இருக்கிறது என்று மட்டுமே பொருள், எர்த் சரியாக இருக்கிறது என்று பொருளல்ல, அதைத் தனியாகத்தான் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.

காசை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கும்போது அவருடைய போன் அடித்தது. மணி பத்தரை. குருபரப்பள்ளி சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஆட்கள் அறைக்குத் திரும்பும் நேரம், இருட்டுக்குள் நுழைந்த யாரோ ஒருவர் கூப்பிடுகிறார். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கியபடியே தெலுங்கில் பேசத் தொடங்கினார். தெருமுனை திரும்பும்வரை காதில் விழுந்தது அந்த முதல் கேள்விதான், பக்கத்து வீட்டில் கரென்ட் இருக்கிறதா என்று.